அந்தக் கடிதம் உண்மையில் யாருக்கு?

கேள்வி: மேடம், எனக்கு வயது 24. என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழி மீது எனக்கு இருப்பது நட்புதானா, வேறு ஏதாவதா என்று எட்டு மாதமாகப் புரியவில்லை. அவள் நாலு நாள் லீவில் போனால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஒருவரோடு பழகுவதாக அவள் சொன்ன அன்று பாத்ரூமில் போய் அழுதேன். ஆனால் கல்லூரியில் ஒரு பையனை இரண்டு வருடம் காதலித்திருக்கிறேன். அப்போ அது பொய்யா? எழுதினால் தெளிவு வரும் என்றார்கள். தினமும் படுக்கும் முன் டைரி எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் “நான் யார்? ஏன் இப்படி இருக்கிறேன்?” என்றுதான் முடிகிறது. தூக்கம்தான் போகிறது. எல்லாவற்றையும் கடிதமாக எழுதி அவளிடம் கொடுத்துவிடலாமா? எழுதிவிட்டுக் கொடுக்காமல் இருந்தால் அது கோழைத்தனம் இல்லையா? டைரி அவள் கையில் கிடைத்துவிடுமோ என்ற பயம் வேறு.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வகை வாக்கியங்கள் இருக்கின்றன, கவனித்தீர்களா? “சாப்பாடு இறங்குவதில்லை”, “பாத்ரூமில் போய் அழுதேன்” என்பவை ஒரு வகை. “நான் யார்?”, “ஏன் இப்படி இருக்கிறேன்?” என்பவை இன்னொரு வகை. முதல் வகையில் ஒரு நாள், ஓர் இடம், ஓர் உடம்பு இருக்கிறது. இரண்டாவது வகையில் எதுவுமே இல்லை. அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. எட்டு மாதமாக உங்கள் டைரியில் இரண்டாவது வகைதான் அதிகம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உளவியலில் இதற்கு அசைபோடுதல் என்று பெயர். சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மனம் வாடியிருக்கும்போது “எனக்கு ஏன் இப்படி?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த வாட்டம் நீண்டுகொண்டே போவதை அவர் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் அது ஆழமாக யோசிப்பதுபோலத் தெரியும். யோசித்தால் ஓர் இடத்தில் போய்ச் சேருவோம். அசைபோட்டால் கிளம்பிய இடத்துக்கே வருவோம். அதைக் கையில் பேனாவோடு செய்தாலும் அப்படித்தான். அதனால் எழுதுவது உங்களுக்குச் சரிவரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுதும் விதத்தையும் எழுதும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம்.

தினமும் வேண்டாம், நாலு நாள் போதும்

எழுத எழுதத் தெளிவு வரும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் மட்டுமே எழுதினார்கள். தங்களை மிகவும் பாதித்த விஷயத்தை, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவான தடவைகளே மருத்துவரிடம் போனார்கள். ஆனால் எழுதி முடித்த அந்தப் பொழுதில் அவர்கள் முன்பைவிட அதிக வருத்தத்தில் இருந்தார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் அந்த வருத்தத்தை நேராகப் படுக்கைக்குக் கொண்டுபோகிறீர்கள். தூக்கம் போகாமல் என்ன செய்யும்?

பிறகு அவரும் மற்றவர்களும் அந்த எழுத்துகளைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். நன்றாகத் தேறியவர்களின் எழுத்தில் நாளாக ஆக “ஏனென்றால்”, “அதனால்”, “இப்போது புரிகிறது” போன்ற சொற்கள் கூடிக்கொண்டே போயின. முதல் நாள் சிதறிக் கிடந்தது கடைசி நாளில் ஒரு கதைபோலக் கோவையாகியிருந்தது. நாலு நாளும் ஒரே வாக்கியத்தை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் பெரிதாகக் கிடைக்கவில்லை. பின்னர் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த முறையின் சராசரிப் பலன் சிறியதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது மருந்து அல்ல. குழம்பிக் கிடப்பதைத் தனித்தனியாக எடுத்து வைக்க ஒரு மேஜை கிடைக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்வது இது. பழைய டைரியை மூடி வையுங்கள். நாலு நாள் தேர்ந்தெடுங்கள். மாலையிலோ காலையிலோ, படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது முடிகிற மாதிரி ஒரு நேரம் வையுங்கள். போனில் 15 நிமிடம் அலாரம் வைத்து, அடித்ததும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதும் உடனே உடம்புக்கு வேலை கொடுக்கிற ஏதாவது ஒன்று செய்யுங்கள், துணி துவைப்பதோ நடப்பதோ.

முதல் நாள், பாத்ரூமில் அழுத அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் எழுதுங்கள். அவள் எந்த வார்த்தைகளில் சொன்னாள்? அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உடம்பில் எங்கே முதலில் தெரிந்தது, தொண்டையிலா, வயிற்றிலா? என்ன சாக்கு சொல்லி எழுந்து போனீர்கள்? “ஏன்” என்ற சொல் அன்று கூடாது. வந்தால் அடித்துவிட்டு “அப்புறம் என்ன நடந்தது” என்று எழுதித் தொடருங்கள்.

இரண்டாம் நாள்தான் எனக்கு முக்கியமான நாள். ஒருத்தி மீது மனசு இப்படிச் சாயும்போது அதற்குள் பல ஆசைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். அவளைப்போல நானும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. அவள் பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பாக இருக்கிறது என்பது ஒன்று. அவளுக்கு நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அவளைத் தொட வேண்டும், அவள் என்னைத் தொட வேண்டும் என்பது இன்னொன்று. இந்த நாலையும் தனித்தனித் தாளில் தலைப்பாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் உண்மையில் நடந்த ஒரு நிகழ்வை எழுதுங்கள். நிகழ்வு கிடைக்காத தாளை வெறுமையாகவே விடுங்கள்.

உதாரணத்துக்கு, “சாப்பாடு இறங்கவில்லை” என்பது எந்தத் தாளுக்குப் போகும்? தினமும் அவளோடுதான் சாப்பிடுகிறீர்கள், தனியாகச் சாப்பிடவே பிடிக்காது என்றால் அது இரண்டாவது தாள். அவள் இப்போது யாரோடு சாப்பிடுகிறாளோ என்ற நினைப்பில் இறங்கவில்லை என்றால் மூன்றாவது. அவள் கை தற்செயலாகப் பட்டதை நாலு நாளும் நினைத்துக்கொண்டிருந்ததால் இறங்கவில்லை என்றால் நாலாவது. வெளியில் தெரிகிற அறிகுறி ஒன்றுதான், ஆனால் சொல்கிற சேதி வேறு வேறு. நட்பிலும் பொறாமை வரும், கண்ணீர் வரும். அழுததால் மட்டும் அது காதல் என்று ஆகிவிடாது. காதலாக இருக்கக் கூடாது என்பதற்காக நாலாவது தாளை நிரப்பாமல் விடவும் கூடாது. அந்தத் தாளை எழுதும்போது கை தயங்கினால், தயங்கியதையும் அதிலேயே எழுதுங்கள்.

மூன்றாம் நாள், “நான்” என்ற சொல்லை விட்டுவிட்டு “அவள்” என்று உங்களைப் பற்றி எழுதுங்கள். உங்களுக்கு நெருங்கிய ஒருத்தி இந்த நிலைமையில் இருக்கிறாள், அவளைப் பற்றி அக்கறையுள்ள ஒருவருக்கு விளக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் “நான் ஏன் இப்படி இருக்கிறேன்” என்று கேட்ட வாய், “அவள் ஏன் இப்படி இருக்கிறாள்” என்று கேட்கும்போது அவ்வளவு கடுமையாகக் கேட்பதில்லை. ஈதன் கிராஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இப்படித் தன்னிலிருந்து ஓரடி விலகி நின்று பார்ப்பது மனக் கொந்தளிப்பைத் தணிப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

நாலாம் நாள் கடிதம்.

கடிதத்தை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்

அனுப்பாத கடிதத்துக்கு ஒரே ஒரு விதிதான். அது அனுப்பப்படாது என்று பேனாவை எடுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். “எழுதிப் பார்ப்போம், நன்றாக வந்தால் கொடுக்கலாம்” என்ற நினைப்பு மூலையில் இருந்தாலும் நீங்கள் அவள் கண்ணால் படித்துக்கொண்டே எழுதுவீர்கள். எது அவளுக்குப் பிடிக்கும், எதில் அவள் முகம் மாறும் என்று பார்த்துப் பார்த்து அடிப்பீர்கள், திருத்துவீர்கள். கடைசியில் கையில் இருப்பது ஒரு விண்ணப்பமாக இருக்கும். உங்கள் மனசு அதில் இருக்காது.

கொடுக்காமல் இருப்பது கோழைத்தனமா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: எழுதியதெல்லாம் உண்மை, உண்மையை மறைத்தால் அது ஏமாற்று. அப்படி இல்லை. அந்த 15 நிமிடத்தில் வருவது அந்த 15 நிமிடத்தின் உணர்வு. கோபத்தில் எழுதினால் கோபம் மட்டும் வரும், ஏக்கத்தில் எழுதினால் ஏக்கம் மட்டும். உங்களுக்கே இன்னும் பெயர் தெரியாத ஒன்றை அவளிடம் சொல்லியாக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை.

நடைமுறையில் இன்னொன்றும் இருக்கிறது. ஆறு பக்கக் கடிதத்தை ஒருவர் கையில் கொடுத்தால், நீங்கள் எட்டு மாதம் எடுத்துக்கொண்டதை அவள் ஐந்து நிமிடத்தில் தாங்க வேண்டியிருக்கும். அவள் உங்களோடு ஒரே அறையில் இருக்கிறாள், யோசிக்க விலகிப் போகவும் இடமில்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. அவள் கலவரத்தில் வேறு யாரிடமாவது காட்டினால், உங்களைப் பற்றி யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்ற முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விடும். அவள் நல்லவளா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு ஒரு நாள் அவளிடம் சொல்லத் தோன்றினால் சொல்லலாம். ஆனால் இந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டு வாரமாவது கழியட்டும். அப்போதும் சொல்லத் தோன்றினால், அவளிடம் எதை எதிர்பார்த்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அவள் “எனக்கு அப்படி இல்லை” என்றால் அன்று இரவு எங்கே இருப்பீர்கள், யாரோடு பேசுவீர்கள் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். அதற்கும் பதில் இருந்தால் நேரில் நாலு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கடிதத்தில் “தப்பாக நினைக்காதே”, “மன்னித்துவிடு”, “நான் வேண்டுமென்று செய்யவில்லை” போன்ற வரிகள் எத்தனை? அவள் உங்களை எதற்கும் குற்றம் சொல்லவில்லையே, அப்படியானால் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? ஆலோசனை அறையில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தோழிக்கு என்று ஆரம்பித்த கடிதம் மூன்றாவது பக்கத்தில் அம்மாவுக்கு ஆகியிருக்கும், அல்லது பதினைந்து வயதில் இருந்த தனக்கே ஆகியிருக்கும். அப்படி ஆனால் மேலே எழுதிய பெயரை அடித்துவிட்டு, சரியான பெயரைப் போட்டு, புதிதாக ஒரு கடிதம் தொடங்குங்கள். அதற்கு இன்னொரு நாள் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சிலர் எதிராளியின் பதிலையும் தாங்களே எழுதிப் பார்ப்பார்கள். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். அவள் குரலில் உங்கள் பயம்தான் எழுதும். நாளை அவள் முகத்தைப் பார்க்கும்போது, அவள் சொல்லாத வார்த்தைகள் ஞாபகத்துக்கு வரும்.

கல்லூரிக் காதல் பற்றி

அது பொய் இல்லை. ஒருவர் மீது உண்மையான ஈர்ப்பு வந்திருந்தால், பின்னால் வேறொரு ஈர்ப்பு வந்ததால் முன்னது அழிந்துவிடாது. ஆண், பெண் இருவர் மீதும் ஈர்ப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஆள் மீது மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஈர்ப்பு வருகிறவர்களும் இருக்கிறார்கள். லிசா டயமண்ட் என்ற உளவியலாளர், ஆண்கள் மீது மட்டுமே ஈர்ப்பு உள்ளவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளாத சுமார் 80 பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டார். அந்தப் பத்து ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயரை ஒரு முறையாவது மாற்றியிருந்தார்கள். அவர்கள் முதலில் பொய் சொன்னார்கள் என்று அவர் முடிவுக்கு வரவில்லை.

அதனால் நாலு நாள் எழுதி முடித்ததும் “தன்பாலீர்ப்பு”, “இருபாலீர்ப்பு” என்று ஒரு பெயர் கிடைத்தே தீர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எது கிடைத்தாலும் அது நோய் இல்லை. உலகச் சுகாதார அமைப்பு 1990-இலேயே தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. “இதை மாற்றித் தருகிறேன்” என்று சொல்கிற ஆலோசகர் யாராவது கிடைத்தால், அந்த அறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

யார் கையிலும் கிடைக்காமல்

இந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். யாராவது படிப்பார்களோ என்ற எண்ணம் இருக்கும்வரை உண்மை வராது. உங்கள் நிலைமையில் கட்டிய நோட்டைவிட உதிரித் தாள் நல்லது. பெயர் எழுதாமல் ஓர் எழுத்து மட்டும் போடுங்கள், அதுவும் அவள் பெயரின் முதல் எழுத்தாக இருக்க வேண்டாம். எழுதும் நாலு நாளும் தாள்கள் உங்களோடேயே இருக்கட்டும், அறையில் வேண்டாம்.

போன் பத்திரம் என்று தோன்றும். ஆனால் குறிப்புச் செயலிகள் பெரும்பாலும் நீங்கள் எழுதுவதை உங்கள் கணக்கில் தானாகவே சேமிக்கின்றன. அதே கணக்கு வீட்டில் உள்ள வேறு கணினியில் திறந்திருந்தால் அங்கேயும் தெரியும். அழித்தாலும் உடனே போய்விடாது. ஐபோனின் நோட்ஸ் செயலியில் அழித்த குறிப்பு 30 நாள் வரையும், கூகுள் கீப்பில் 7 நாளும் தனியாகக் கிடக்கும். நீங்கள் அடிக்கடி எழுதும் பெயரையும் சொற்களையும் கீபோர்டு ஞாபகம் வைத்துக்கொண்டு, வேறொருவர் உங்கள் போனை வாங்கித் தட்டும்போது எடுத்து நீட்டும்.

நாலு நாள் முடிந்ததும் தாள்களைக் கிழித்துவிட்டால் பலன் போய்விடுமோ என்று நினைக்காதீர்கள். எழுதும்போதே வேலை நடந்துவிட்டது. கிழிக்கும் முன், இரண்டாம் நாள் தாள்களில் எது நிரம்பியது, எது வெறுமையாக இருந்தது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

நாலாம் நாளும் முதல் நாள் வாக்கியமே வருகிறது என்றால் ஐந்தாம் நாள் எழுத வேண்டாம். ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். அதைவிட முக்கியமாக ஒன்றைக் கேட்கிறேன், நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். தெருவில் போகிற பெண்களையெல்லாம் பார்த்து “எனக்கு ஏதாவது தோன்றுகிறதா” என்று உடம்பைச் சோதித்துக்கொண்டே இருக்கிறீர்களா? நூறு சதவீதம் உறுதியாகத் தெரிந்தால்தான் நிம்மதி என்று தோன்றுகிறதா? எழுதியதும் கொஞ்ச நேரம் லேசாகி, மறுபடி சோதிக்கத் தோன்றுகிறதா? அப்படியானால் இது பாலீர்ப்புக் கேள்வியின் வடிவத்தில் வருகிற ஓசிடியாகவும் இருக்கலாம், அதாவது ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வைக்கிற மனநலப் பிரச்சினையாக. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. அங்கே டைரி எழுதுவதே சோதித்துப் பார்க்கும் பழக்கமாகிவிடும், எழுத எழுத அதிகமாகும். உங்கள் கடிதத்தில் எனக்கு அது தெரியவில்லை. ஏக்கம்தான் தெரிகிறது. ஆனாலும் நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

எழுதும்போது உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அலாரம் அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த நிமிடமே ஒரு மனிதரிடம் பேசுங்கள். உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், மருத்துவரிடம் போகலாம், நம்பிக்கையான ஒருவரை எழுப்பலாம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. “தனியாக இருக்க முடியவில்லை” என்று சொன்னால் போதும்.

கடைசியாக, அந்த எட்டு மாத டைரி. அதை இப்போது படிக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். உங்கள் தோழியின் கைக்கு எட்டாத ஓர் இடத்தில், பூட்டக்கூடிய பெட்டியில் வையுங்கள். நாலு நாள் எழுதி ஒரு மாதம் ஆன பிறகு, பகல் நேரத்தில், ஒரு பென்சிலோடு அதைத் திறந்து, நாளும் இடமும் உள்ள வாக்கியங்களின் கீழ் மட்டும் கோடு போட்டுக்கொண்டே போங்கள். “நான் யார்” என்று வருகிற இடங்களைத் தாண்டிவிடுங்கள். கோடு போட்டவற்றை மட்டும் முதலிலிருந்து ஒரு தடவை படித்துவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.